வேறு யாருக்கும் எழுதவில்லை

உன் கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பிரின்சி "டீம் சின்னதுங்க" என்பாள். டீம் என்றால் அவளும் சேரனும். ஆபீஸ் எங்கே என்று கேட்டால் "விழுப்புரத்துல, பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பாள். அது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள். போகும்போது அந்த ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கேக்கில் 'சி.இ.ஓ. பிரின்சி' என்று எழுதியிருந்தது. சி.இ.ஓ. இப்போது தினமும் காலையில் அறையைப் பெருக்கி, ஈ.பி. போனால் கீழே போய் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அவர்கள் செய்திருந்த பெட்டி சோற்று டப்பா அளவுதான் இருக்கும். அரிசி ஆலையில் பெரிய பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன. மோட்டார் மட்டும் ஓடினால் கரண்டு வீணாக இழுக்கும். அதைச் சரிக்கட்டக் கெப்பாசிட்டர் என்று வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றிரண்டு செத்துப்போனாலும் ஆலை நிற்காது. விளக்கு எரியும், நெல் அரைபடும், ஒருவருக்கும் தெரியாது. இழுத்த கரண்டில் உருப்படியானது எவ்வளவு என்ற கணக்கு, பவர் ஃபேக்டர், குறைந்துவிட்டது என்று அபராதம் போட்டு பில் வரும்போதுதான் தெரியும். சேரனின் பெட்டி அன்றைக்கே கண்டுபிடித்து முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. மாட்டத்தான் ஓர் ஆலை இல்லை.

தை பிறந்துவிட்டது. அறுப்பு நெல் வந்து ஆலைகள் முழுமூச்சாய் ஓடுகிற காலம். இப்போது ஓர் ஆலையிலாவது மாட்டிப் பார்க்காவிட்டால் அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தாங்க ரெண்டு பேரிடமும் எதுவும் இல்லை. போதாததற்குப் பழைய ஆபீஸில் இருந்து ஒரு மெயில் வந்திருந்தது: 'உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் சொல்லு.'

"என்ன சொல்லப் போற?" என்றான் சேரன்.

"ஒரு ஆலை. ஒரே ஒரு ஆலை சரின்னு சொன்னா நான் போகல."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நீ இந்தப் பொட்டியில கேப்பை மாவு போட்டு வச்சுக்கோ."

அவள் முதலில் அனுப்பிய மெயில் இங்கிலீஷில் இருந்தது. அதில் 'பிளாட்பார்ம்' என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது. திண்டிவனம் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் சங்கத்தில் கெஞ்சி வாங்கிய உறுப்பினர் பட்டியலில் இருந்த எல்லா முகவரிக்கும் போனது. ஒன்பது முகவரியே தப்பு என்று திரும்பி வந்துவிட்டது. மீதி முப்பத்தொன்றும் போய்ச் சேர்ந்தன. கிணற்றில் கல் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். இதில் அதுவும் இல்லை.

பிறகு ஒரு நாள் பிரின்சிக்குத் தன்மேலேயே கோபம் வந்து உட்கார்ந்து தமிழில் எழுதினாள்.

'ஐயா, வணக்கம். நாங்கள் விழுப்புரத்தில் இரண்டே பேர். கம்பெனி ஆரம்பித்து ஒரு வருடம் ஆகவில்லை. எங்களுக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. நீங்கள் சம்மதித்தால் நீங்கள்தான் முதல் ஆள். எங்கள் பெட்டி இதுவரை ஓடியது இரண்டே இடத்தில்: எங்கள் அறையில், அப்புறம் முகையூரில் சேரனின் மாமா மோட்டார் கொட்டகையில். ஆலையில் ஓடியதில்லை. தப்பு வரலாம். வந்தால் நாங்களே வந்து சரிசெய்வோம். மூன்று மாதத்துக்குப் பணம் வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.'

சேரன் தோள்மேலாகக் குனிந்து படித்தான். "நல்லாத்தான் இருக்குது. படிச்சா அழுகை வருது. அது என்ன, கடைசி வரி?"

கடைசி வரி இது: 'பல ஆலைகளைப் பார்த்ததில் உங்கள் ஆலைதான் எங்கள் மனதில் நின்றது. வேறு யாருக்கும் இன்னும் எழுதவில்லை.'

"அது ஒரு மரியாதைக்கு."

"முப்பத்தொரு பேருக்கும் இதேதான் போவுதா?"

"ஆலை பேரு மட்டும் மாத்தி, தனித்தனியா. ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்குத் தெரியவா போவுது? தனக்குன்னு எழுதினாத்தான் படிப்பாங்களாம், எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருன்னா யாரு?"

"நெட்டுலப்பா."

அனுப்பினாள். பதில் இல்லை. நாலு நாள் விட்டு 'போன மெயிலைப் பார்த்தீர்களா ஐயா' என்று இன்னொன்று. மறுபடியும் இருபதாம் தேதி காலையில் ஒன்று. நெட்டில் அதையும் சொல்லியிருந்தார்கள், விடாமல் எழுது என்று.

இருபதாம் தேதி மத்தியானம் பதில் வந்தது. 'மெயில் கிடைத்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டியோடு நேரில் வரவும்.' கீழே திண்டிவனத்தில் ஒரு முகவரி. பிரின்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் சேரனைக் கூப்பிடுவதற்குள் இன்னொரு ஆலையில் இருந்து பதில். அதே நாள், அதே நேரம், அதே முகவரி. சேரன் வந்து நிற்கும்போது மூன்றாவது.

"மூணு பேரும் ஒரே எடத்துக்கு வரச் சொல்றாங்களே," என்றான் அவன்.

"சங்கக் கூட்டம்டா! கூட்டத்துல வச்சுப் பேசச் சொல்றாங்க. முப்பது முதலாளியும் உக்காந்துகினு இருப்பாங்க."

"மெயில்ல ஒண்ணும் போடலியே."

"போடுவாங்களா? பெரிய மனுசங்க."

வியாழக்கிழமை பிரின்சி அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். முப்பது பேருக்கு ஆகும்படி மிக்சரும் மைசூர்பாகும் வாங்கினாள். பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டுகிறவரை பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சேரன் மடியில் பெட்டியை வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தான். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

முகவரி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில். பலகையில் 'சீனுவாசன், ஆடிட்டர்' என்று இருந்தது. கூட்டத்துக்கு அடையாளமாய்ப் படிக்கட்டில் செருப்பு நிறைய கிடக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு ஜோடிதான் கிடந்தது. பெண்கள் செருப்பு.

உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் அம்மாள். ஐம்பதை ஒட்டிய வயது, கண்ணாடி நெற்றிமேல், பக்கத்தில் மூடி போட்ட டம்ளர்.

"வாங்க. விழுப்புரமா? உக்காருங்க."

"வணக்கம் மேடம். நாங்க கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டோம்னு நெனைக்கிறேன். மத்தவங்கல்லாம்…"

"எந்த மத்தவங்க?"

"ஆலை முதலாளிங்க. மெயில் போட்டிருந்தாங்க, மூணு பேரு."

"அந்த மூணும் நான்தான்," என்றாள் அந்த அம்மாள். "மூணு என்ன மூணு. முப்பத்தொண்ணும் நான்தான். என் பேரு காந்திமதி. ஆடிட்டரு கோர்ட்டு வேலையா சென்னைக்குப் போயிருக்காரு."

பிரின்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. மிக்சர் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள்.

"புரியலியா? ஜிஎஸ்டி பதியறப்ப மெயிலு ஐடி கேக்கும். ஆலைக்காரங்களுக்கு ஏது மெயிலு? 'நீயே ஒண்ணு போட்டுடும்மா'ன்னுடுவாங்க. நான்தான் ஒவ்வொருத்தர் பேருலயும் தொறந்தேன். பாஸ்வேர்டு என்கிட்ட. எல்லாம் இந்த ஒரே கம்ப்யூட்டருக்குத்தான் வந்து விழும். அப்புறம் சங்கத்துல ஃபாரம் குடுத்தாங்க, அதுலயும் இதையே எழுதிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் தன் மெயிலு ஐடி என்னன்னே தெரியாது. நீங்க அனுப்பினதெல்லாம் எனக்குத்தான் வந்துது."

"எல்லாமேவா?"

"இங்கிலீஷ்ல ஒரு தடவ. அது எனக்கு விளங்கல, விட்டுட்டேன். அப்புறம் தமிழ்ல." காந்திமதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். "'உங்கள் ஆலைதான் எங்கள் மனதில் நின்றது. வேறு யாருக்கும் இன்னும் எழுதவில்லை.' இது ஒம்போது மணிக்கு. ஒம்போது ரெண்டுக்கு, 'உங்கள் ஆலைதான் எங்கள் மனதில் நின்றது.' ஒம்போது மூணுக்கு. இன்னும் படிக்கட்டுமா?"

"வேணாம் மேடம்."

"பத்து மணிக்குள்ள முப்பத்தொரு தடவ. எங்க வீட்டுக்காரரு இருவத்தாறு வருசத்துல ஒரு தடவ சொல்லல, நீதான் மனசுல நிக்கிறேன்னு."

சேரன் சிரித்துவிட்டான். சிரித்ததும் பெட்டியைக் குனிந்து பார்த்தான், ஏதோ பெட்டிதான் சிரித்தது போல. பிரின்சி பட்டுச் சேலையின் கரையைத் திருகிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. சேலை கசங்கும் என்று விட்டுவிட்டாள்.

"திட்டத்தான் கூப்பிட்டீங்களா மேடம்?"

"திட்டவும்தான். இருவதாம் தேதி என்ன நாளு தெரியுமா உங்களுக்கு? ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாளு. ஓடிபி வரும் வரும்னு நான் கண்ணு கொட்டாம உக்காந்துகினு இருக்கேன். டிங்கு டிங்குன்னு வந்துது பாருங்க, 'போன மெயிலைப் பார்த்தீர்களா ஐயா'ன்னு. ஓடிபி எங்கயோ அடியில போயிடுச்சு. ஒரே பேஜாரு. மூணு பேருக்குத் திரும்பத் திரும்ப வாங்கினேன். அந்த மூணு பேரு மெயில்லேருந்துதான் உங்களுக்குப் பதில் போட்டேன்."

"மன்னிச்சுக்கோங்க. ஒருத்தருக்கொருத்தரு தெரியாதுன்னு நெனச்சேன். படிக்க வைக்கணும்னு…"

"ஏன்மா, படிச்சேனே! நான் மெயிலு படிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? வர்றதெல்லாம் லோனு வேணுமா, வெப்சைட் வேணுமா. எல்லாரும் உலகத்துலயே நாங்கதான் முதல்னு போடுவாங்க. நீ ஒருத்திதான் எங்ககிட்ட ஒருத்தருமே இல்லன்னு போட்டே. மாமா கொட்டாயில மாட்டினேன்னு போட்டே. அத எவ போடுவா? அதுவரைக்கும் நம்பிட்டேன். அடுத்த வரியில கவுத்துட்ட. அந்த ஒரு வரி இல்லன்னா நான் முதல் நாளே பதில் போட்டிருப்பேன்."

பிரின்சிக்கு அப்போதுதான் நிஜமாகவே வலித்தது. இத்தனை நாள். ஒரு வரிக்காக.

"இப்போ?" என்றாள். "இப்போ யாராவது ஒருத்தர்கிட்ட சொல்ல முடியுமாக்கா?" மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எவரு பில்லுல எவ்ளோ அபராதம்னு நான் சொல்ல மாட்டேன். எல்லா பில்லும் இங்கதான் வருது, நான்தான் கணக்குல ஏத்தறேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன். பச்சைமுத்துன்னு ஒருத்தரு, மரக்காணம் ரோட்டுல மில்லு. இன்னிக்கு கையெழுத்துப் போட வர்றாரு. உங்க பில்லு விசயமா பேச வந்திருக்காங்கன்னு மட்டும் சொல்றேன். மீதி உன் பாடு. ஒரே ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கக்கா."

"மெயில்ல எழுதினத வாயால சொல்லு. அந்த வரியையும் சேத்து சொல்லு. நெசம் எதுவோ அத."

பச்சைமுத்து வந்தபோது படிக்கட்டே அதிர்ந்தது. வெள்ளை வேட்டி, முழங்கை வரை தவிடு. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "என்னம்மா பட்டுச் சேல, கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

"உங்க பில்லு விசயமா பேச வந்திருக்காங்க," என்றாள் காந்திமதி.

"ஆமாங்க. நாங்க ஒரு பொட்டி செய்யறோம்." பிரின்சி எழுந்து நின்றாள். பஸ்ஸில் பாடம் பண்ணியதெல்லாம் முப்பது பேருக்கானது. ஒருவருக்கு என்று அவளிடம் ஒன்றும் இல்லை. பெட்டி என்ன செய்யும் என்று சொன்னாள். பிறகு ஒரே மூச்சில், "வேற எங்கயும் மாட்டல. உங்களுக்கு மூணு தடவ மெயில் போட்டேன், நீங்கதான் மனசுல நின்னீங்கன்னு. அது பொய்ங்க. முப்பத்தொரு ஆலைக்கும் அதேதான் போட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. அக்கா இப்பதான் பிடிச்சாங்க," என்று முடித்தாள்.

"எனக்கு மெயிலு இருக்குதா?" என்று காந்திமதியைக் கேட்டார் பச்சைமுத்து.

"இருக்குதுங்க. எட்டு வருசமா."

"பாருடா." கொஞ்ச நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு பிரின்சியிடம், "அப்போ நான்தான் பலியாடு?" என்றார்.

"ஆமாங்க," என்று வாயில் வந்துவிட்டது. சேரன் அவள் காலை மிதித்தான். "அதாவது, ஆடு நாங்கதாங்க. பணம் நீங்க குடுக்கப் போறதில்ல."

"மோட்டாரு எரிஞ்சா?"

சேரன் முன்னால் வந்தான். "மோட்டாருகிட்ட போவ மாட்டோங்க. மெயின் கேபிள் மேல மூணு வளையம் கவ்வும், அவ்ளோதான். அப்புறம் வோல்டேஜ் பாக்க பேனல்ல நாலு சின்ன ஒயரு, ஃப்யூஸ் வச்சு. அதுக்கு உங்க எலக்ட்ரீசியன் மெயின நிறுத்தணும். ஈ.பி. மீட்டர தொட மாட்டோம், அதுல சீல் இருக்குது."

"அந்த மீட்டர்லயே பவர் ஃபேக்டரு ஓடுதுன்னு எங்க தேவா சொல்வான். அதுலயே தெரியறதுக்கு உன் பொட்டி எதுக்கு?"

"ஓடுதுங்க," என்றாள் பிரின்சி. "பாத்திருக்கீங்களா?"

"எனக்கு எங்க நேரம்?"

"அதாங்க. மீட்டரு போன் பண்ணாது."

பச்சைமுத்து வாயை ஒரு பக்கமாக இழுத்தார். சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. "போன மாசம்தான் கெப்பாசிட்டரு புதுசா போட்டேன். இனிமே எனக்கு அபராதமே வராது. இருந்தாலும் வா. மத்தியானம் சாப்பாட்டுக்கு மில்லு நிக்கும். அதுக்குள்ள மாட்டு. சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். புடிக்கலன்னா அதே பஸ்ஸுல நீயும் பொட்டியும் போய்க்கினே இருக்கணும். இன்னொண்ணு. அது கத்தினா முதல்ல உன் போனுக்கு அடிக்கட்டும். என் தூக்கத்த நீ ஏன் கெடுக்கணும்? நீ எனக்கு சொல்லு."

"சரிங்க."

"அந்தப் பையில என்ன?"

"மிக்சர்ங்க. முப்பது பேருக்கு."

"கொண்டா. மில்லுல ஆளுங்க இருக்காங்க."

மில் எலக்ட்ரீசியன் தேவா கோபமாகவே மெயினை நிறுத்தினான். தன் பேனலில் வெளியாள் கை வைப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. சேரன் வியர்க்க வியர்க்க வளையங்களைக் கவ்வவிட்டு ஒயர்களை முடுக்கினான். மில் மறுபடி கிளம்பியது. எலிவேட்டரில் நெல் ஏறுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. பிரின்சி போனில் எண்கள் வருவதைப் பார்த்தாள்.

சேரன் அவள் காதுக்குள் கத்தினான். "ஒரு ஃபேஸ்ல மைனஸ் காட்டுது!"

"அப்படின்னா?"

"மில்லு ஈ.பி.க்குக் கரண்டு விக்குதுன்னு அர்த்தம்."

இரண்டு பேரும் பேனலைப் பார்த்தார்கள். வளையத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டான். திருப்பி மாட்ட வேண்டுமென்றால் மறுபடியும் மெயினை நிறுத்த வேண்டும். பாதி நெல்லோடு எலிவேட்டரை நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும், பச்சைமுத்து இரண்டு பேரையும் சேர்த்து அரைத்துவிடுவார்.

"போன்லயே மாத்திடறேன்," என்றான் சேரன். "அந்த ஒரு ஃபேஸுக்கு மட்டும் குறியைத் திருப்பிவிட்டா போதும். கணக்கு சரியாயிடும். யாருக்கும் தெரியாது."

"செய்."

செய்தான். சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. பிரின்சி போனை இடுப்பில் செருகினாள். அவளுடைய எல்லா நல்ல யோசனைகளும் இப்படித்தான் ஆரம்பித்திருந்தன, யாருக்கும் தெரியாது என்று. முப்பத்தொரு பேரும் காந்திமதி ஒருத்தியாய் எதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்து இன்னும் சாப்பாடுகூட ஆகவில்லை.

களத்தின் ஓரம் கட்டிலில் பச்சைமுத்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். போய்ச் சொன்னாள்.

"தலகீழா மாட்டினீங்களா?"

"ஆமாங்க. ஒண்ணு மட்டும். போன்ல சரி பண்ணிட்டோம். நெம்பரு இப்ப சரியாத்தான் வருது."

"சரி பண்ணிட்டீல்ல? அப்புறம் எதுக்கு வந்து சொல்ற?"

"நாளைக்கு தேவா அண்ணன் பாத்தா அம்பு தப்பா இருக்கும். அவரு திருப்பிட்டா கணக்கு கெட்டுடும். ராத்திரி மில்லு நிக்கிறப்ப வளையத்தையே திருப்பிடறோம்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. மாமா கொட்டகையில் சோதித்தபோது அடித்த அதே நம்பர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண்குரல் நாடகத் தமிழில், "ஐயா, வணக்கம். தங்கள் ஆலையில் பவர் ஃபேக்டர் குறைந்துள்ளது. உடனே கவனிக்கவும்," என்றது. பிரின்சியின் குரல்தான். கீழே ஓடும் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் விழக்கூடாது என்று போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பதிவு செய்தது.

பச்சைமுத்து மிக்சரைக் கீழே வைத்தார். "என்ன வெளையாடறியா? புதுக் கெப்பாசிட்டரு போட்டு ஒரு மாசம் ஆவல. தலகீழா மாட்டின பொட்டி சொல்றத நான் நம்பணுமா?"

சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. சேரன் பேனல் அறை வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். பிரின்சிக்குப் பழைய இருமல் வரப் பார்த்தது.

"நம்ப வேணாங்க," என்றாள். "என்னையும் வேணாம், பொட்டியையும் வேணாம். உங்க மீட்டருல ஓடுமே, அதப் பாருங்க. அது ஒத்து வரலன்னா நானே இப்பவே கழட்டிடறேன்."

மூன்று பேரும் தேவாவும் ஈ.பி. மீட்டருக்கு முன்னால் போய் நின்றார்கள். தேவா பொத்தானை அழுத்தினான். யூனிட் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினான். வோல்டேஜ் வந்தது. இன்னொரு தடவை. பிரின்சி மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். மாதா விஷயத்திலும் வேறு யாரையும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது, காந்திமதியையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

பவர் ஃபேக்டர் வந்தது. புள்ளி ஒன்பதாவது இருக்க வேண்டும், இருந்தது புள்ளி ஏழு எட்டு. அவள் போனிலும் அதுவே.

பச்சைமுத்து மெதுவாகத் திரும்பித் தேவாவைப் பார்த்தார்.

"புதுசு போட்டேன்னியேடா."

"போட்டேண்ணே. சாமி சத்தியமா." தேவா ஓடிப்போய்ப் பேனலைத் திறந்து, கெப்பாசிட்டர் ஒயர் ஒவ்வொன்றின்மேலும் தன் கை மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தான். நடுவில் இருந்த புதியதில் நின்றான். "அண்ணே, இது கரண்டே எடுக்கலண்ணே. ஃப்யூஸு போயிருக்குது."

"எப்பப் போச்சு?"

"தெரியலண்ணே."

"உனக்குத் தெரியுமா?" என்று பிரின்சியைக் கேட்டார்.

"தெரியாதுங்க. நாங்க மாட்டினதுக்கு அப்புறம் நடந்ததுதான் பொட்டிக்குத் தெரியும். எந்தக் கெப்பாசிட்டருன்னும் அதுக்குத் தெரியாது. குறைஞ்சிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லும். போய்த் தேடறது நாமதான்."

"இவ்ளோதானா இதுக்குத் தெரியும்?"

"இவ்ளோதாங்க."

பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். பலகையில் சேரன் முடுக்கிய திருகை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "மூணு மாசம். அந்த வளையத்த ராத்திரிக்கு நிறுத்தறப்ப திருப்பு. ஏ தேவா, இவங்களுக்கு சாப்பாடு சொல்லு."

பிரின்சி தலையை ஆட்டினாள். நிறைய ஆட்டிவிட்டாள் போல, தலையில் வைத்திருந்த பூ அவிழ்ந்து தோளில் விழுந்தது. பத்தடி போன பச்சைமுத்து திரும்பி நின்றார்.

"ஏம்மா, போன்ல பேசுச்சே, அது யாரு?"

"நான்தாங்க."

"சளி புடிச்ச மாதிரி இருக்குது. வேற யாரையாவது வச்சுப் பேச வையி. அந்த 'தங்கள்' 'கிங்கள்' எல்லாம் வேணாம். எங்க ஊட்டுல பேசற மாதிரி சொல்லச் சொல்லு."

முதல் வாடிக்கையாளரின் முதல் புகார். பிரின்சி அதை உடனே போனில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த கையோடு, பழைய ஆபீஸுக்கு வரவில்லை என்று இரண்டே வரியில் ஒரு மெயில் போட்டாள். அதற்குள் தேவா இலை போட்டுவிட்டான்.